மணியின் எடையும் மணியின் ஒளியும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மாநகரின் வீதிகளைச் சுற்றிப் பார்த்துவருகிறான். அவன் கடந்து செல்லும் இடங்களுள் ஒன்று மணிகள் விற்கும் வீதி. சமணத் துறவி என்று மரபு கூறும் இளங்கோவடிகள் அவ்வீதியை ஒரு தேர்ந்த மணி நோட்டக்காரரின் கண்கொண்டு பாடுகிறார். வைரத்திற்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்கள் இருத்தல் ஆகாது என்கிறார். நிறத்தால் வைரத்தை வகைப்படுத்துகிறார். மரகதம், மாணிக்கம், நீலம் முதலான பிற மணிகளின் இயல்புகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். நூலின் கதையே சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்ற ஒரு சோதனையில் முடிவதால், மணியறிவு அக்காப்பியத்திற்கு அணிகலனாக மட்டும் அமையவில்லை என்பது கற்றோர் அறிந்ததே.

அவ்வளவு நுட்பமாக மணிகளை நோக்கிய அந்தக் காலத்து மரபில் ஒரு கேள்வி மட்டும் எழவில்லை. மணியின் அடிப்புறம் எத்தனை சரிவாக அமைந்திருக்க வேண்டும் என்பதே அது. நிறம் பார்த்தார்கள், குற்றம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். வைரத்தில் எட்டு முகங்களும் ஆறு முனைகளும் பன்னிரண்டு விளிம்புகளும் கொண்ட இயற்கை வடிவம் சிதையாதிருப்பதைப் போற்றினார்கள். மனிதன் தீட்டிய பட்டையின் கோணம் மதிப்பீட்டில் இடம்பெறவில்லை.

இந்த மரபு வடநாட்டிலும் நெடுங்காலம் நிலைத்தது. அலாவுதீன் கில்ஜியின் ஆட்சியில் டெல்லியில் பணியாற்றிய தக்குர பேரு என்னும் சமணப் பெருமகனார் 1315ஆம் ஆண்டில் தம் மகன் கற்றுக்கொள்ளும்பொருட்டு இரத்தினங்களைச் சோதிக்கும் முறை பற்றிப் பிராகிருதத்தில் ஒரு நூல் இயற்றினார். நாணயச் சோதனை, கணிதம் ஆகியவற்றைப் பற்றியும் நூல் செய்தவர் அவர். கருவூலத்து மணிகளை நேரில் கண்டு பழகியவராதலால், ஏட்டறிவோடு கையறிவும் அந்நூலில் கலந்திருக்கிறது. மணிகளின் விலையை எடைக்கேற்ப அவர் வகுத்துத் தருகிறார். எடை ஏற ஏற விலை பன்மடங்காக உயரும். அப்படிப்பட்ட ஒரு சந்தையில், கையிலுள்ள கல்லைத் தேய்த்து எடையைக் குறைக்க யார்தான் துணிவார்?

துணியாததற்கு ஒரு சாட்சியமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பன்முறை இந்தியா வந்து கோல்கொண்டாச் சுரங்கங்களையும் கண்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இங்குள்ள சாணைக்காரர்களின் வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கல் மாசற்றதாயின் அதைச் சக்கரத்தில் சற்றே தொட்டு மெருகேற்றுவதோடு விட்டுவிடுவார்கள். எடை போய்விடும் என்று அஞ்சி அதற்கு வடிவம் கொடுக்க முயலமாட்டார்கள். கல்லுக்குள் கீறலோ புள்ளியோ இருந்தால்தான் அதன்மேல் நிறையப் பட்டைகள் தீட்டிக் குற்றத்தை மறைப்பார்கள். அதாவது பட்டை மிகுதியாக இருப்பதே குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்ட காலம் அது! அதே தவெர்னியே 1665ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் அரண்மனையில் ஒரு மாபெரும் வைரத்தைக் கண்டார். எழுநூற்றெண்பது காரட்டுக்கு மேலிருந்த அந்தக் கல்லை ஓர்ட்டென்சியோ போர்ஜியோ என்னும் வெனிசு நகரத்தார் தேய்த்து ஏறத்தாழ இருநூற்றெண்பது காரட்டாக்கிவிட்டார். அவருக்குக் கூலி கிடைக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இச்செய்தியைப் படிப்போர் போர்ஜியோவின் திறமைக் குறைவை எண்ணி நகைப்பது வழக்கம். அரசர் எதற்காகச் சினந்தார் என்பதே நாம் நோக்கத்தக்கது. இழந்த எடைக்குத்தான் தண்டம்.

இந்த மதிப்பீட்டுமுறையும் புதியதொரு மதிப்பீட்டுமுறையும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் லண்டன் மாநகரம், ஆண்டு 1851.

அவ்வாண்டு மே மாதம் முதல் நாள் ஹைடு பூங்காவில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பப்பட்ட மாளிகையில் உலகப் பொருட்காட்சி தொடங்கியது. பஞ்சாப் அரசு வீழ்ந்தபின் 1849ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இளம் மன்னர் துலீப் சிங்கிடமிருந்து பெறப்பட்ட கோகினூர் வைரம் அங்கே வைக்கப்பட்டிருந்தது. மக்கள் நெடுவரிசையில் நின்று அதைக் கண்டார்கள், ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். இது ஒரு கண்ணாடித் துண்டுபோல் அல்லவா இருக்கிறது என்ற பேச்சு பரவிற்று. ஏற்பாட்டாளர்கள் கல்லைச் சுற்றிலும் இருளான திரை கட்டி எரிவாயு விளக்குகளை ஏற்றிப் பார்த்தார்கள். சற்றே மேம்பட்டதேயன்றி, கதைகளில் கேட்ட ‘ஒளிமலை’ அங்கே தோன்றவில்லை.

அந்தக் கல் போலியன்று. அதன் தூய்மையும் குறைவன்று. இக்கால அளவில் 191 காரட் எடையுள்ள, கோல்கொண்டா நிலத்து வைரம். குறை எங்கே இருந்தது? மேற்புறம் குவிந்து பல சிறு பட்டைகளோடு இருந்தது. அடிப்புறமோ பெரும்பகுதி தட்டையாக இருந்தது. மேலிருந்து உள்ளே புகுந்த ஒளி அந்தத் தட்டையான அடியைத் தாக்கித் தடையின்றி வெளியேறிவிட்டது. பார்த்தவரின் கண்ணுக்குத் திரும்பி வரவேண்டிய ஒளி, கல்லின் அடியிலிருந்த துணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம். கிணற்று நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு, நேர் மேலே பார்த்தால் வானம் தெரியும். மிகவும் சாய்வாகப் பார்த்தாலோ வானம் தெரியாது. நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோலாகிக் கிணற்றின் அடியையே காட்டும். அடர்ந்த பொருளுக்குள்ளிருந்து காற்றை நோக்கி வரும் ஒளி, பரப்பை ஓரளவு நேராகத் தாக்கினால் வெளியேறும். ஒரு குறிப்பிட்ட கோணத்திற்கு மேல் சாய்ந்து தாக்கினால் வெளியேற இயலாமல் முழுவதும் உள்ளேயே திருப்பப்படும். அந்த எல்லைக்கு மாறுநிலைக் கோணம் என்று பெயர். பொருளுக்குப் பொருள் அது மாறும். வைரத்திற்கு 24.4 பாகை; நீலம், மாணிக்கம் ஆகிய இரண்டிற்கும் ஏறத்தாழ 34.4 பாகை, படிக இனத்தைச் சேர்ந்த செவ்வந்திக்கல்லுக்கு 40.4 பாகை. கோணம் சிறியதாக இருக்குமளவுக்கு ஒளியைச் சிறைப்படுத்துவது எளிது. இந்த வகையில் வைரம் மிகவும் பேறுபெற்ற கல்.

பட்டை தீட்டப்பட்ட கல்லுக்கு நடுவில் ஓர் இடை உண்டு. மோதிரத்தில் கல்லைப் பற்றிக்கொள்ளும் கம்பிகள் பிடிப்பது அந்த இடையைத்தான். அதற்கு மேலுள்ளது முடிப்பகுதி. அதன் உச்சியில் சமதளமான மேல்முகம் இருக்கும். இடைக்குக் கீழே கூம்பிச் செல்வது அடிப்பகுதி. மேல்முகத்தின் வழியே நேர் செங்குத்தாக இறங்கும் ஒளிக்கதிர் அடிப்பகுதியின் ஒரு பட்டையைத் தாக்குகிறது. அந்தப் பட்டை இடைத்தளத்திலிருந்து எத்தனை பாகை சரிந்திருக்கிறதோ, அத்தனை பாகையிலேயே கதிரும் அதைத் தாக்கும். சரிவு மாறுநிலைக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால் ஒளி வெளியேறிவிடும். மிகுதியாக இருந்தால் திருப்பப்பட்டு எதிர்ப்பக்கத்துப் பட்டைக்குச் செல்லும். அங்கும் அது திருப்பப்பட்டால்தான் மேலேறிக் கண்ணுக்கு வரும். அந்த இரண்டாம் தாக்குதலின் கோணத்தை அறிவது எளிது. சரிவை மூன்றால் பெருக்கி 180இலிருந்து கழித்தால் அது கிடைத்துவிடும்.

இரண்டு கற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று விலையுயர்ந்த நீலம். அடிச்சரிவு 28 பாகை. மற்றது அதன் விலையில் மிகச் சிறு பங்குகூடப் பெறாத செவ்வந்திக்கல். அடிச்சரிவு 43 பாகை. நீலத்தில் ஒளி 28 பாகையில் தாக்குகிறது; எல்லையோ 34.4. ஆகவே முதல் தாக்குதலிலேயே பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஒளி அடிவழியே வெளியேறிவிடும். செவ்வந்திக்கல்லில் முதல் தாக்குதல் 43 பாகை; எல்லை 40.4, ஒளி திரும்புகிறது. இரண்டாம் தாக்குதல் 180இலிருந்து 129 போக 51 பாகை. அதுவும் எல்லைக்கு மேல். ஒளி மீண்டும் திரும்பி, வந்த வழிக்கு எட்டே பாகை விலகலில் மேல்முகத்தை அடைந்து வெளிவருகிறது. கண்ணாடிப் பெட்டியில் இரண்டையும் அருகருகே வைத்தால் செவ்வந்திக்கல் உயிருடன் மின்னும். நீலத்தின் நடுவிலோ வெளிறிய ஒரு வட்டம் தெரியும். கல்லை ஊடுருவிக் கீழேயுள்ள துணியோ விரலின் தோலோ அந்த வட்டத்தில் காணப்படும். இரத்தின வணிகர்கள் அதை ‘விண்டோ’ என்பார்கள். சன்னல் என்று நாம் சொல்லலாம். உள்ளே வந்த ஒளி வெளியேறிவிடும் வழி அது. நீலத்தின் நிறமும் அவ்விடத்தில் நீர்த்துப்போகும். ஒளி கல்லுக்குள் மும்முறை குறுக்கே சென்று மீண்டால் நிறம் ஏறும். ஒருமுறை மட்டும் கடந்து போய்விட்டால் நிறம் ஏற வாய்ப்பில்லை.

சரிவு மிகுந்துவிட்டாலும் தீங்குண்டு. அதே நீலத்தை 50 பாகைச் சரிவில் ஆழமாகத் தீட்டினால் முதல் தாக்குதலில் ஒளி தப்பாது. இரண்டாம் தாக்குதல் 30 பாகையாகிவிடும்; அது எல்லைக்குக் கீழ். இம்முறை எதிர்ப்பக்கத்தின் வழியே ஒளி போய்விடும். கல்லின் நடுப்பகுதி சன்னலாக வெளிறுவதற்கு மாறாக இருண்டு தோன்றும். இக்கணக்கை வைரத்திற்குப் போட்டுப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை வெளிப்படும். முன்னோர் போற்றிய எண்முக வடிவத்தின் இயற்கைச் சரிவு 54.7 பாகை. அதன் இரண்டாம் தாக்குதல் 16 பாகையளவே. வைரத்தின் எல்லையாகிய 24.4க்கு மிகவும் குறைவு. ஆகையால் இயற்கை எண்முகத்தின் ஒரு முனையை மட்டும் தேய்த்துச் சமதள மேல்முகம் கொடுத்தால், அந்த வைரம் நேராகப் பார்ப்பவருக்கு இருண்டே தெரியும். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய ஓவியங்களில் அரசியரின் வைரங்கள் கருஞ்சதுரங்களாகத் தீட்டப்பட்டிருப்பதைக் காண்போர் அதை ஓவியரின் குறையென எண்ணுவதுண்டு. அவர்கள் கண்டதையே வரைந்தார்கள்.

இங்கே நம் நாட்டுக் கைவினைஞரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தட்டையான அடி ஒளியைத் தப்பவிடும் என்பதைக் கணக்காக எழுதி வைக்காவிடினும் கண்ணால் அவர்கள் அறிந்தே இருந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு வேறு. குந்தன் வேலையில் கல்லின் பின்புறத்தை முழுவதும் மூடி, அடியில் மெருகேற்றிய மெல்லிய வெள்ளித் தகட்டை வைப்பார்கள். அடிவழியே வெளியேறும் ஒளி தகட்டில் பட்டு அதே வழியில் திரும்பும். தமிழகத்துக் கெம்பு நகைகளிலும் இதே உத்தியைக் காணலாம். பின்புறம் மூடி அடியில் தகடு வைக்கப்பட்ட செங்கற்கள் எண்ணெய் விளக்கொளியில் கனன்று தெரிவது அதனால்தான். எடையும் போகாமல், ஒளியும் போகாமல் காத்துக்கொண்ட இந்த முறையை அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டடத்திற்குள் ஈரம் புகுந்தால் தகடு கறுக்கும். கறுத்த நாளிலிருந்து கல்லும் மங்கும். ‘கல் ஒளி இழந்துவிட்டது’ என்று பழைய நகைகளைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் மங்கியிருப்பது தகடுதான். கல்லை நகையிலிருந்து பிரித்து வெறும் துணிமேல் வைத்துப் பார்த்தாலோ, அதன் அடிப்புறத்து உண்மை அப்போது புலப்படும்.

கண்ணாடி மாளிகையில் ஏமாற்றம் ஏற்பட்ட பிறகு கோகினூரை மீண்டும் தீட்டுவது என்று அரசியாரின் கணவர் ஆல்பர்ட் முடிவு செய்தார். ஒளியியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர் முதலானோரின் கருத்துக் கேட்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து காஸ்டர் நிறுவனத்தின் கைதேர்ந்த சாணைக்காரர்கள் லண்டனுக்கு வரவழைக்கப்பட்டார்கள். சாணைச் சக்கரத்தைச் சுழற்ற நீராவிப் பொறி ஒன்று அமைக்கப்பட்டது. 1852ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எண்பத்து மூன்று வயது நிரம்பிய வெல்லிங்டன் கோமகன் கல்லை முதன்முதலாகச் சக்கரத்தில் வைத்துப் பணியைத் தொடங்கி வைத்தார். முப்பத்தெட்டு நாள் உழைப்பு. எண்ணாயிரம் பவுண்டு செலவு. பணி முடிந்தபோது 191 காரட் கல் 105.6 காரட்டாகியிருந்தது. ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு தூளாகிப் போயிற்று. ஔரங்கசீப்பின் அவையாயிருந்தால் இதற்கு என்ன தண்டம் விதித்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்வளவு இழந்தும் முழு நிறைவு கிட்டவில்லை. எடை இத்துணை குறைந்ததில் ஆல்பர்ட்டுக்கே வருத்தம். தீட்டியவர்கள் கல்லின் அகலத்தை இயன்றவரை காப்பாற்ற முயன்றார்கள். இன்று அதன் நீளம் 36 மில்லிமீட்டர், அகலம் 32 மில்லிமீட்டர். ஆழம் 13 மில்லிமீட்டர் மட்டுமே. அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஆழம் என்றாகிறது. நன்கு ஒளிரும் வட்ட வைரத்திற்கு அறுபது பங்களவு ஆழம் வேண்டும். எனவே புதிய கோகினூர் முன்னதைவிடச் சிறந்து ஒளிர்ந்தாலும், வைரம் தரவல்ல ஒளி முழுவதையும் தரும் ஆழம் அதற்கு வாய்க்கவில்லை. எடையைத் துறக்கத் துணிந்த கைகளும் பரப்பைத் துறக்கத் துணியவில்லை. எந்தக் கோணம் வேண்டும் என்பதை அந்நாளில் எவரும் கணக்கிட்டு வைத்திருக்கவுமில்லை. சாணைக்காரரின் கண்ணும் பழக்கமுமே அளவுகோல்.

அந்தக் கணக்கு வர மேலும் காலம் பிடித்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹென்றி மோர்ஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடையைக் கருதாமல் அழகைக் கருதி வைரம் தீட்டத் தொடங்கினார். தம் கற்கள் ஒளிர்ந்தபோதெல்லாம் அவற்றின் கோணங்களை அளந்து பார்த்து, அந்த அளவுகளையே மீண்டும் கையாண்டார். பின்னர் 1919ஆம் ஆண்டில், ஆண்ட்வெர்ப் நகரத்து வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்னும் இளைஞர் லண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபதளவே. மேலே நாம் போட்ட கணக்கைப் போலவே ஒளிக்கதிர் ஒவ்வொன்றின் வழியையும் பின்தொடர்ந்து, வைரத்தின் அடிச்சரிவு 40.75 பாகையும் முடிச்சரிவு 34.5 பாகையும் இருத்தல் வேண்டும் என்றும், மேல்முகம் இடையின் அகலத்தில் நூற்றுக்கு 53 பங்கு இருத்தல் வேண்டும் என்றும் அவர் முடிவுகண்டார். திரும்பிவரும் ஒளியின் அளவோடு, அந்த ஒளி வானவில் நிறங்களாகப் பிரிந்து வீசும் அழகையும் சேர்த்து எண்ணியதால் பிறந்த எண்கள் இவை. பின்வந்தோர் சிறு திருத்தங்கள் செய்தபோதிலும் இன்றைய வட்ட வைரத்திற்கு அடிப்படை அவையே.

வைரத்தின் கதை இவ்வாறு ஒருவாறு முடிந்தது. நிறக்கற்களின் கதை முடியவில்லை. இன்றும் கடைகளில் சன்னலுடன் கூடிய நீலமும் மாணிக்கமும் ஏராளம். அதற்குக் காரணத்தை இலங்கையின் இரத்தினபுரி, பேருவளை போன்ற இடங்களின் பட்டறைகளில் காணலாம். வில்லை முன்னும் பின்னும் இழுத்து நேர்நிலைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு, மறுகையால் கல்லைப் பிடித்துத் தீட்டும் பழைய முறை அங்கே தலைமுறை தலைமுறையாக நிலவியது. சுரங்கத்திலிருந்து வரும் நீலம் பெரும்பாலும் ஒழுங்கற்ற கூழாங்கல் வடிவினது. தட்டையான கல் கிடைத்தால் அதைத் தட்டையாகத்தான் தீட்ட இயலும். இல்லையேல் பாதிக்கு மேல் போய்விடும். விற்பனையோ காரட் கணக்கில். தக்குர பேரு கண்ட சந்தைக்கும் இதற்கும் இவ்வகையில் வேறுபாடில்லை.

ஒரு கல்லை எடுத்துக் கணக்கிட்டால் பட்டறைக்காரரின் தயக்கம் விளங்கும். பத்து மில்லிமீட்டர் அகலமும் ஐந்து மில்லிமீட்டர் ஆழமும் உள்ள வட்ட நீலம் ஒன்று. எடை சுமார் 3.6 காரட். அடிச்சரிவு 28 பாகை. நடுவில் பெரிய சன்னல். இதன் அடிச்சரிவை 40 பாகையாக்க வேண்டும். ஆழத்தைக் கூட்ட வழியில்லை. எனவே அகலத்தைத்தான் குறைக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டராகக் குறைத்து, உயரமான முடியையும் சற்று தாழ்த்தினால் அதே ஐந்து மில்லிமீட்டர் ஆழத்திற்குள் சரியான கோணங்கள் அமைந்துவிடும். புதிய எடை சுமார் 2.3 காரட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. முதலீடு மட்டும் திரும்பவே காரட்டின் விலை முன்னையதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயரவேண்டும், தீட்டுக்கூலி தனி. உயர்ந்த நிறமும் தூய்மையும் உள்ள கல்லாயின் அவ்விலை கிடைக்கும். ஒளியும் நிறமும் கூடிய 2.3 காரட் கல், சன்னலுள்ள 3.6 காரட் கல்லைவிட மிகுந்த தொகைக்கே விற்கும். நடுத்தர நிறமுள்ள கல்லாயின் கிடைக்காது. ஆகவே அது சன்னலோடு அப்படியே கடைக்கு வருகிறது.

மீண்டும் தீட்டுவதில் வேறோர் இடரும் உண்டு. இலங்கை நீலத்தில் நிறம் கல் முழுவதும் சீராகப் பரவியிருப்பது அரிது. பெரும்பகுதி வெளிறியிருக்க, ஓரிடத்தில் மட்டும் நீலம் பட்டையாகவோ புள்ளியாகவோ திரண்டிருக்கும். பழைய பட்டறைக்காரர் அந்தப் புள்ளி அடிமுனையில் வரும்படி கல்லைத் திருப்பி வைத்துத் தீட்டுவார். திரும்பி வரும் ஒளியெல்லாம் அந்த முனையைத் தொட்டு வருவதால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் முழுவதும் நீலமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் உண்மை புலப்படும். இத்தகைய கல்லின் அடி பருத்தும் கோணலாகவும் இருப்பதைக் கண்டு, அளவுகளைச் செம்மைப்படுத்த எண்ணி அடிமுனையைத் தேய்த்துவிட்டால் நீலமே போய்விடும். மிஞ்சுவது வெளிறிய கல். அதுபோலவே மிகவும் அடர்ந்த நிறமுள்ள கற்களை வேண்டுமென்றே சற்றுத் தட்டையாகத் தீட்டுவதும் உண்டு. ஆழமாகத் தீட்டினால் ஒளி நெடுந்தொலைவு சென்று நிறத்தில் அடங்கி, கல் கறுத்துப்போகும். எல்லாச் சன்னலும் கைப்பிழையன்று.

சன்னலைக் கண்டறிவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கல்லை மேல்முகம் மேலாக இருக்கும்படி அச்சிட்ட தாள்மீது வைத்து நேர் மேலிருந்து நோக்குதல் போதும். எழுத்துகள் ஊடே தெரிந்தால் ஒளி அடிவழியே போகிறது. பின்பு கல்லை மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் விலையுயர்ந்த கல்லின் இயல்பான மேன்மை தலைகாட்டும். 40 பாகையில் தீட்டிய நீலம் தன் எல்லைக்கு மேல் ஐந்தரைப் பாகை இருப்பு வைத்திருக்கிறது. ஏறத்தாழ பத்துப் பாகை சாய்க்கும்வரை அதில் சன்னல் திறவாது. 43 பாகையில் தீட்டிய செவ்வந்திக்கல்லின் இருப்போ இரண்டரைப் பாகைதான். நாலைந்து பாகை சாய்த்தாலே ஓரத்தில் சன்னல் எட்டிப்பார்க்கும். வைரத்திற்குப் பதினாறு பாகைக்கு மேல் இருப்பு உண்டு. எத்துணைதான் சாய்த்தாலும் அது எளிதில் எழுத்தைக் காட்டாது. நன்கு தீட்டிய மலிந்த கல், மோசமாகத் தீட்டிய உயர்ந்த கல்லை வெல்லும். நன்கு தீட்டிய உயர்ந்த கல்லை வெல்லாது. நகையில் பின்புறம் மூடிக் கட்டப்பட்ட கல்லில் இந்தச் சோதனை செல்லாது என்பதையும், கல்லைக் கட்டுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும் என்பதையும் நகை செய்விப்போர் நினைவிற்கொள்வது நன்று.